நான்கு நிமிட வரவேற்புரையில் நான் வெட்டியது

எங்கள் சங்கத் தலைவரைப் போல வரவேற்புரை ஆற்ற ஈப்போவிலேயே ஆள் கிடையாது என்று சொல்வார்கள். அதை அதிகம் சொல்பவர் அவரேதான். தாப்பா ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் சங்கம் எங்களுடையது. தோட்டம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். மாரியம்மன் கோயிலும் அதை ஒட்டிய மண்டபமும் மட்டும் பிழைத்துக்கொண்டன. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவோம். கூடி, அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுவோம். அந்தக் காலத்தில் ஒரு குழாய்க்கு இருபது குடும்பம் சண்டை போட்டதை யாரும் சொல்வதில்லை.

நான் செயலாளர். கணினியில் தமிழ் தட்டத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் பதினோரு வருடமாக என்னை விடவில்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் தட்டி ஓய்வு பெற்றவள், சங்கத்துக்கும் தட்டட்டுமே என்று நினைத்திருப்பார்கள்.

இந்த முறை சந்திப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது தலைவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. இருதய ஆபரேஷனுக்கு எட்டு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை பினாங்கில் சேர வேண்டும், திங்கள் காலை ஆபரேஷன். ஞாயிறுதான் எங்கள் சந்திப்பு. ஆபரேஷன் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன் என்று கிளம்பினார். அவருடைய மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுவது வழக்கம், கார் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்.

துணைத்தலைவரை வரவேற்புரைக்கு விடலாம்தான். ஆனால் அவர் மைக்கைப் பிடித்தால் பகல் சாப்பாடு மாலைச் சிற்றுண்டி ஆகிவிடும். அதனால் தலைவரின் வரவேற்புரையைக் கைப்பேசியில் பதிவு செய்து மண்டபத் திரையில் போடுவதென்று செயலவையில் முடிவானது. பதிவு செய்யும் வேலை யாருக்கு என்று கேட்க வேண்டுமா?

நேரில் பேசுவதும் பதிவு செய்து பேசுவதும் வேறு வேறு. நேரில் பேசினால் கூட்டத்தைப் பார்த்து நீட்டலாம், குறைக்கலாம். பதிவில் அது நடக்காது. நிகழ்ச்சி வரிசை மாறினால் திரையில் இருப்பவர் பொய் சொல்பவராகிவிடுவார். அதனால் வரிசையை முதலில் முடித்தேன். பேச்சாளர்கள் மூவர். முதலில் காம்பார் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர், தோட்டங்கள் மூடப்பட்ட வரலாறு பற்றி. இரண்டாவது, எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்து ஊசி போட்ட பெரியவர். மூன்றாவது ஓர் அக்கா, தோட்டத்துப் பெண்களின் வேலை பற்றி. மூன்று பேருக்கும் புதன்கிழமை போன் செய்து, வரிசை இதுதான், மாறாது, உங்களைப் பற்றித் தலைவர் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். விரிவுரையாளர் மூன்று பக்கம் அனுப்பினார். டிரஸர், "வயசை மட்டும் சொல்லாதீங்க," என்றார்.

அந்த அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. ஆயர் தாவாரில் மகள் வீட்டில் இருக்கிறார். சந்திப்புக்கு வருவார், சாப்பிடுவார், பாத்திரம் கழுவுவார், மேடைக்கு மட்டும் வரமாட்டார். ஐந்து வருடமாகக் கெஞ்சி இந்த முறைதான் சம்மதித்தார்.

"என்னைப் பத்தி என்னா சொல்லப் போறாரு?" என்று கேட்டார்.

"இருபத்தஞ்சு வருசம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவங்க, மூணு பிள்ளைங்களையும் படிக்க வச்சவங்கன்னு எழுதியிருக்கேன் அக்கா."

"அதெல்லாம் இருக்கட்டும். என் தம்பி பேரைச் சொல்லி, அவனோட அக்கான்னு சொல்லச் சொல்லு. அது இருந்தா நான் மேடைக்கு வாரேன். இல்லன்னா வேற ஆளைப் பாரு."

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், பழைய மரக்காட்டில் மரம் விழுந்து செத்துப்போனவர் அவர். அன்று வேலைக்கே வராமல் தனியாக விறகு திருடப் போனார், மரம் சாய்ந்துவிட்டது என்று தோட்ட ஆபீஸ் சொன்னது. போலீசுக்கும் அதையே சொன்னது. அதற்குப் பிறகு அந்த அக்காவைத் தோட்டத்தில் விறகுத் திருடனின் அக்கா என்றுதான் அடையாளம் சொன்னார்கள். குழாயடியில் சண்டை வந்தால் முதலில் வந்து விழும் சொல் அதுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் சொல்லியிருக்கிறேன்.

சரி அக்கா என்று சொல்லிவிட்டு, "காலஞ்சென்ற இன்னாரின் அக்கா" என்று உரையில் சேர்த்துத் தட்டினேன். தட்டும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. ஏன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழன் மதியம் தலைவர் வீட்டுக்குப் போனேன். ஈப்போவில், சுண்ணாம்புக்கல் மலையின் அடிவாரத்தில் வரிசை வீடு. பின்கதவைத் திறந்தால் மலைதான் சுவர். வீட்டுக்குள் எப்போதும் ஒரு குளிர் இருக்கும். அன்று பதிவுக்காக மின்விசிறியை நிறுத்தினோம், அந்தச் சத்தம் ஒலிவாங்கியில் பேச்சை மூடிவிடும். விசிறி நின்றதும் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. அண்ணி ஒரு துண்டைக் கொடுத்து, தோளில் போட்டுக்கொள்ளச் சொன்னார். பெரிய எழுத்தில் அச்சடித்த தாள்களைக் கைப்பேசிக்கு நேர் பின்னால், கண் மட்டத்தில் அலமாரிக் கதவில் ஒட்டினேன். கீழே வைத்தால் பேசுகிறவர் தூங்குவது போல இருக்கும். கைப்பேசியைப் படுக்கவாட்டில் நிறுத்தி, அழைப்பு எதுவும் வராதபடி விமானப் பயணத்துக்கான நிலையில் போட்டேன்.

"பாருங்கண்ணே, இன்னிக்கு வியாழன். ஆனா நீங்க பேசுறது ஞாயித்துக்கிழமை காலையில. 'இந்த இனிய காலைப் பொழுதில்'னுதான் சொல்லணும். 'உங்களையெல்லாம் பாக்கையில மனசு நிறையுது'ன்னு சொல்லிடாதீங்க. நீங்க யாரையும் பாக்கப் போறதில்ல."

"அது வராம எப்படிலா வரவேற்புரை?" என்றார். மனிதருக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதல் தடவை நன்றாகத்தான் போனது. கடவுள் வாழ்த்து, தமிழ் வாழ்த்து, தான் வர முடியாத காரணத்தை ஒரே வரியில், பிறகு அன்றைய நிகழ்ச்சிகள். விரிவுரையாளரைச் சொன்னார். டிரஸரைச் சொன்னார், வயதைச் சொல்லவில்லை. "மூன்றாவதாக," என்று ஆரம்பித்து அக்காவின் பெயரைச் சொன்னார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றார். தொண்டையைச் செருமினார். தண்ணீர் கேட்டார்.

இரண்டாவது தடவையும் அதே இடத்தில் நின்றார். மூன்றாவது தடவையும். நாற்பது வருடமாகத் தாள் பார்க்காமல் பேசியவர், பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிற ஒரு பெயரைச் சொல்ல முடியாமல் மூன்று தடவை தண்ணீர் குடித்தார்.

"இந்த வரியை எடுத்துட்டா என்னா?" என்றார்.

"அது இருந்தாத்தான் மேடைக்கு வாரேன்னு அக்கா சொல்லிட்டாங்கண்ணே."

அவர் தலையை ஆட்டினார். துண்டால் முகம், கழுத்து எல்லாம் துடைத்து, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். "போடு," என்றார்.

நான்காவது தடவை. எல்லாம் சரியாக வந்தது. அக்காவின் பெயரைச் சொன்னார். பிறகு குரல் மாறியது.

அந்தக் குரலை நான் ஐம்பது வருடமாகக் கேட்கவில்லை. தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். இருக்கேன் என்று பதில் வந்ததும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பென்சிலால் குறி போடுவார். பதில் வரும்வரை கொஞ்ச நேரம் காத்திருப்பார். இருட்டில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். எங்கள் தலைவர் அப்போது இருபத்திரண்டு வயது இளைய கிராணி. கங்காணி மகன், ஏழாம் வகுப்பு தாண்டியவன் என்று ஆபீசில் சேர்த்துக்கொண்டார்கள். பெரட்டில் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. லயத்தில் படுத்திருக்கும் எங்களுக்கும் அந்தக் குரல் கேட்கும். நீட்டி, கடைசி எழுத்தை மேலே தூக்கிக் கூப்பிடுவார்.

அப்படித்தான் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். கண் கைப்பேசியைப் பார்க்கவில்லை, பின்கதவைப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கதவுக்கு அப்பால் மலைதான் இருந்தது. பிறகு கணக்குப் பார்த்தேன், அந்த இடைவெளி ஒன்பது நொடி.

அடுத்து இன்னொரு பெயரைக் கூப்பிட்டார். அது என் அப்பாவின் பெயர்.

வரிசையில் அந்தப் பெயருக்கு அடுத்தது என் அப்பா பெயர்தான். இருவரும் பால் வெட்டாமல் மற்ற வேலைகள் செய்யும் ஒரே வெளிக்காட்டுக் கும்பல். இந்தத் தடவை அவர் என்னைப் பார்த்தார், நான்கைந்து நொடி. பிறகு சாதாரணக் குரலில் பேசினார்.

"அன்னிக்கு அவன் வந்தான். நான் கூப்பிட்டேன், இருக்கேன்னு சொன்னான். குறி போட்டேன். மழையில சாய்ஞ்ச மரத்தை வெட்டப் போன்னு அனுப்பிச்சாங்க, போனான். மத்தியானம் பெரிய கிராணி வந்து, நஷ்டஈடு கேப்பாங்க, இவன் வேலைக்கு வரலைன்னு போடுன்னாரு. நான் அழிச்சேன். ரப்பரை வச்சு அழிச்சேன். அவன் எதையும் திருடப் போகல."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கீழே இறக்கி மடியில் போட்டுவிட்டு, தாளைப் பார்த்து, "உரைகளுக்குப் பிறகு பகல் உணவு. அனைவரும் இருந்து உண்டு செல்ல வேண்டும். நன்றி, வணக்கம்," என்று முடித்தார். கடைசி வரிவரை ஒரு சொல் பிசகவில்லை.

நான் பதிவை நிறுத்தினேன். சமையலறை வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"இன்னொரு தடவை எடுக்கலாமாண்ணே?"

"என்னால முடியாது," என்றார். "என்னா செய்யணும்னு உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவின் பெயர் முடிந்த இடத்திலிருந்து "உரைகளுக்குப் பிறகு" என்ற இடம்வரை வெட்டி எடுத்தேன். சரியாக நான்கு நிமிடம் வந்தது. முழுப்பதிவு என் கைப்பேசியிலேயே இருந்தது. அழிக்க மனம் வரவில்லை.

ஆபரேஷனுக்குப் போகிற மனிதரின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேரன் பேத்திகள் வந்திருப்பார்கள், இது சந்தோஷமான நாள் என்றும் சொல்லிக்கொண்டேன். அத்தனையும் புளுகு. அந்தப் பையன் செத்த அன்று சாயங்காலம் அப்பா சாப்பிடவில்லை. அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், "எனக்குப் பக்கத்துலதான் நின்னான். இருக்கேன்னு சொன்னதை நான் கேட்டேன்." அம்மா, "வெளியே சொல்லிடாதீங்க, நம்மள தோட்டத்தை விட்டு அனுப்பிச்சிடுவாங்க," என்றார். நான் படுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. அப்பா சாகும்வரை அதை வெளியே சொல்லவில்லை. அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. நானும் சொல்லவில்லை. அந்த அக்காவோடு சேர்ந்து எத்தனை வருடம் பாத்திரம் கழுவியிருக்கிறேன்.

அந்த இரண்டு நாளும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. விடியும் நேரத்தில் அந்தக் குரல் கேட்டு விழிப்பேன். பெயர் கூப்பிடும், காத்திருக்கும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். வெட்டிய பதிவை விரலியில், அந்தச் சின்னப் பென்டிரைவில், ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடும், அங்கே கைப்பேசி லைனும் சரியாக வராது. ஒலிபெருக்கிக்காரர் அதைத் தன் மடிக்கணினியில் போட்டுத் திரை, சத்தம் எல்லாம் ஒரு தடவை சோதித்தார். "கிளியரா இருக்கு அக்கா, தலைவர் இங்கேயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு," என்றார். மேடையில் தலைவருக்கு வழக்கமாகப் போடும் நாற்காலியை யாரோ பழக்கத்தில் போட்டு, மாலையும் வைத்திருந்தார்கள். முதலில் மாலையை எடுக்கச் சொன்னேன்.

பத்து மணிக்குத் திரையில் தலைவர் வந்தார். கூட்டம் கை தட்டியது. வர முடியாத காரணத்தைச் சொன்னதும் சில பேர் உச்சுக் கொட்டினார்கள். விரிவுரையாளர், டிரஸர், அக்கா. அக்காவின் பெயர். உடனே பகல் உணவு. நன்றி, வணக்கம். மறுபடியும் கைதட்டல். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

விரிவுரையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. அக்கா. பட்டுப்புடவை, கையில் நாலாக மடித்த தாள். பின்பக்கம் வரச் சொல்லித் தலையை அசைத்தார். கோயில் கிணற்றுப் பக்கம் போனோம்.

"என் தம்பி பேரு எங்க?"

"நாலு நிமிசத்துக்குள்ள முடிக்கணும்னு..."

"முன்னாடி தோள்ல துண்டு இருந்துச்சு. சாப்பாடுன்னு சொல்றப்ப இல்ல. கண்ணு செவந்திருக்கு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நடுவுல என்னா சொன்னாரு?"

இருபத்தைந்து வருடம் இருட்டில் தலைவிளக்கு வைத்துக்கொண்டு மரப்பட்டையில் மயிரிழை கனத்துக்குச் சீவியவர். அந்தக் கண்ணிடம் நான் வெட்டி ஒட்டிய லட்சணம் இது. கைப்பேசியை எடுத்து முழுப்பதிவைப் போட்டுக் கொடுத்தேன். படத்தைப் பார்க்கவில்லை அவர், காதில் வைத்துக்கொண்டார். பெயர் வந்ததும் கண்ணை மூடினார். என் அப்பாவின் பெயர் வந்தபோது திறந்து என்னைப் பார்த்தார். முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார். இரண்டாவது தடவை கேட்டபிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க அப்பாவுக்கும் தெரியும்," என்றார். கேள்வியில்லை அது.

"தெரியும் அக்கா. எனக்கும் தெரியும்."

மண்டபத்திலிருந்து விரிவுரையாளரின் குரல் வந்துகொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் அழவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை. அது நியாயம்தான்.

"என் காதுல மட்டும் சொன்னா போதாது. பெரட்டு எல்லார் முன்னாடியும்தான போட்டாங்க? நான் பேசுறதுக்கு முன்னாடி இதைப் போடு."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா அக்கா? அவரு இப்ப ஆஸ்பத்திரியில..."

"கேளு."

லைன் கிடைக்கும் இடம் தேடி, செம்பனை ஓரம்வரை நடந்தேன். அண்ணிதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் தலைவரிடம் கொடுத்தார். படுக்கையில் இருந்தார் போலிருக்கிறது, குரல் சின்னதாக இருந்தது.

"அண்ணே, நான் அதை வெட்டிட்டேன். அக்கா கேட்டுட்டாங்க. எல்லார் முன்னாடியும் போடச் சொல்றாங்க."

"வெட்டிட்டியா," என்றார். "போடச் சொல்லித்தானேலா உன்கிட்ட விட்டேன்." பிறகு, "அன்னிக்கு நின்னவங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

"நாலஞ்சு பேர் இருக்காங்கண்ணே."

"போடு."

டிரஸர் பேசி முடிக்கப்போகும் நேரத்துக்குத் திரும்பினேன். ஒலிபெருக்கிக்காரரிடம் சொன்னால், என் கைப்பேசியை அவர் கணினியில் மாட்டும் கம்பி இல்லை என்றார். திரைக்கு ஏற்ற வழியில்லை, சத்தம் மட்டும் என்றால் மைக்கைப் பக்கத்தில் பிடிக்கலாம் என்றார். அப்படியே செய்யுங்கள் என்றேன். அறிவிப்பாளர் அக்காவின் பெயரைச் சொன்னார். அக்கா மேடைக்கு ஏறி, மைக் முன்னால் நின்று, "தலைவர் பேசினதுல கொஞ்சம் விட்டுப்போச்சு. அதைக் கேட்டுட்டு நான் பேசுறேன்," என்றார்.

திரையில் வெறும் வெள்ளை. மேடையில் அந்த நாற்காலி. ஒலிபெருக்கிக்காரர் என் கைப்பேசியின் அடிப்பக்கத்தில் மைக்கை ஒட்டிப் பிடித்தார். அக்காவின் பெயர் வந்தது. பிறகு அந்தக் குரல் அந்தப் பெயரைக் கூப்பிட்டது.

கோயில் கூரையில் கட்டிய குழல் ஒலிபெருக்கி வழியாகவும் அது வெளியே போனது. செம்பனைக் காட்டுக்குள் போய்க் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. முகம் தெரியாமல் குரல் மட்டும். மண்டபத்தில் எழுபதைத் தாண்டிய சிலருக்கு முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். வரிசையில் நின்ற உடம்பு, மறக்கவில்லை.

ஒன்பது நொடி. வீட்டில் எண்ணியபோது சின்ன இடைவெளியாகத் தெரிந்தது. அங்கே அது முடியவே இல்லை. சமையல் பக்கம் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அக்கா மேடையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர் அவரில்லை.

பின்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "வந்தான்," என்றார். உட்காராமல் நின்றார். இடது பக்கத்தில் இன்னொரு பெரியவர் எழுந்து, "வந்தான். நானும் கேட்டேன்." டிரஸர் தன் நாற்காலியிலேயே தலை குனிந்திருந்தார். அவர்தான் அன்று அந்தப் பையனின் உடம்பைத் துடைத்தவர்.

பிறகு என் அப்பாவின் பெயர் கூப்பிடப்பட்டது.

அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை. அடுத்த வரி வருவதற்குள் எழுந்தேன். "வந்தார்," என்றேன். "கேட்டார். சொல்லல. நானும் சொல்லல."

மீதியைத் தலைவரின் குரல் சொல்லி முடித்தது. ரப்பரை வைத்து அழித்தேன் என்ற வரி வந்தபோது ஒரு பெண் விசும்பினாள். அக்கா கைகாட்டியதும் பதிவை நிறுத்தினேன். சாப்பாட்டு வரி வராமல் பார்த்துக்கொண்டேன், அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

அக்கா நாலாக மடித்த தாளைப் பிரித்தார். "எல்லாருக்கும் வணக்கம்," என்று ஆரம்பித்து, பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு எத்தனை மரம் வெட்டினார்கள், மழை நாளில் என்ன செய்தார்கள் என்று எழுதிக் கொண்டுவந்ததை ஒரு வரி விடாமல் படித்தார். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நின்ற அந்த இரண்டு பெரியவர்களும் அவர் முடிக்கும்வரை உட்காரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவப் போனேன். அக்கா வரவில்லை. பின்வரிசைப் பெரியவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது என்னிடம், "அடுத்த வருசம் பாக்கலாம்," என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

ஒலிபெருக்கிக்காரர் காலையிலிருந்து மைக்கில் வந்ததையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தப் பகுதியை மட்டும் வாங்கி, தாப்பாவுக்கு வந்து லைன் கிடைத்ததும் அண்ணிக்கு அனுப்பினேன். பதில்கள் தூரத்திலிருந்து வந்தவை என்பதால் மெல்லியதாகத்தான் விழுந்திருந்தன, ஆனால் கேட்டன. மூன்று நிமிடம் கழித்து இரண்டு குறிகளும் நீலமாயின.

தலைவர் பிழைத்து வந்தார். மூன்று வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தார். மருந்து, கசப்பு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு பற்றியெல்லாம் பேசினார், சந்திப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் வேறு தலைவரைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். நான் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தார்.

"நீ அனுப்பிச்சியே, அதைத்தான் தினம் விடியக்காலையில அஞ்சரைக்குப் போட்டுக் கேக்குறாரு," என்றார். "அந்தப் பேரு வந்ததும் அப்படியே உக்காந்திருப்பாரு, மூச்சுகூட விடமாட்டாரு. வந்தான்னு அந்தப் பதில் வரணும். வந்தாத்தான் டீ குடிக்கிறாரு."